வேண்டாத வேலைக்குக் கூப்பிடும் ரெக்ரூட்டருக்கு என்ன பதில் எழுதுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பது வருடம் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தேன். முதலில் ஒரு கன்சல்டன்சியில், அப்புறம் ஒரு கம்பெனியின் ஹெச்.ஆர். பிரிவில். முன்பின் தெரியாதவர்களுக்கு "உங்களுக்கு ஏற்ற ஒரு வேலை இருக்கிறது" என்று எழுதுவதுதான் என் தினப்படி. அந்த வேலையை விட்டு வந்துவிட்டேன். ஆனாலும் தெரிந்தவர்கள் ஃபோனை நீட்டி "இதுக்கு என்ன பதில் போடறது?" என்று கேட்பது நிற்கவில்லை. கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைக்கிறேன். வேலையில் ஆர்வம் இருப்பவர்களுக்கு இது உதவாது. வேலை வேண்டாம், ஆனால் அந்த ஆளைப் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம் என்பவர்களுக்கு மட்டும்.

தெரியாத ஆள் அனுப்புற மெசேஜுக்கெல்லாம் பதில் போட்டே ஆகணுமா?

இல்லை. ஒரு மனிதர் உங்களுக்கென்று உட்கார்ந்து எழுதினாரா, இல்லை நூறு பேருக்கு ஒரே நேரத்தில் போனதா என்று மட்டும் பாருங்கள். உங்கள் ப்ரொஃபைலில் இருக்கும் ஏதோ ஒன்றை, ஒரு ப்ராஜெக்ட்டையோ நீங்கள் மாறிய ஒரு துறையையோ குறிப்பிட்டு எழுதியிருந்தால் முதல் வகை. "உங்கள் அனுபவம் எங்களை மிகவும் கவர்ந்தது" என்று மட்டும் இருந்து, எந்த அனுபவம் என்று சொல்லாவிட்டால் இரண்டாவது வகை. இரண்டாவது வகைக்கு நீங்கள் எந்தக் கடனும் படவில்லை.

முதல் வகைக்குப் பதில் எழுதுவது நல்லது. அந்தப் பக்கம் என்ன நடக்கிறது தெரியுமா? ஆள் எடுக்கும் மென்பொருளில் உங்கள் பெயரில் ஒரு பக்கம் இருக்கும். எப்போது எழுதினோம், என்ன பதில் வந்தது என்பதெல்லாம் அங்கே பதிவாகும். எழுதியவர் வேலை மாறிப் போனாலும் அந்தக் குறிப்பு கம்பெனியிலேயே இருக்கும். இரண்டு வருடம் கழித்து வேறொருவர் உங்கள் பெயரைத் தேடும்போது முதலில் படிப்பது அதைத்தான். "பேக்எண்ட் வேலை மட்டும் பார்ப்பார், தெளிவாகப் பேசுவார்" என்று இருப்பதற்கும் வெறுமனே "பதில் இல்லை" என்று இருப்பதற்கும் நிறைய வித்தியாசம்.

பதிலே போடாம விட்டா தப்பா நினைப்பாங்களா?

நினைக்க மாட்டார்கள். எழுதுவதில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் வராது என்று தெரிந்துதான் எழுதுகிறோம். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. மின்னஞ்சலில் எழுதுபவர்கள் பலர் தொடர் மெசேஜ்களை முன்கூட்டியே அடுக்கி வைத்திருப்பார்கள். முதல் மெசேஜ் போய்ச் சில நாளில் "பார்த்தீர்களா?" என்று ஒன்று, அதற்கும் பதில் இல்லையென்றால் இன்னொன்று. இதை எந்த மனிதரும் உட்கார்ந்து அனுப்புவதில்லை. நீங்கள் பதில் போட்ட உடனே அந்தத் தொடர் தானாக நின்றுவிடும்படிதான் பொதுவாக அமைத்திருப்பார்கள். ஆக, தொல்லை வேண்டாம் என்று மௌனமாக இருப்பதுதான் தொல்லையைக் கூட்டுகிறது.

சரி, என்னதான் எழுதறது? ஒரு மாதிரி காட்டுங்க.

உண்மையில் நடந்த ஒன்றையே காட்டுகிறேன். தெரிந்த பெண் ஒருவர், பணப் பரிமாற்ற மென்பொருளில் ஆறு வருடமாக பேக்எண்ட் கோடு எழுதுகிறவர். அவருக்கு ஒரு ரெக்ரூட்டர் எழுதினார்: சப்போர்ட் டீமுக்கு லீட் வேலை, இரவு ஷிஃப்ட், ஒரு வருட கான்ட்ராக்ட். அவருக்கு இதில் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. ஆனால் எழுதியவர் மரியாதையாக, அவருடைய ப்ரொஃபைலைப் படித்துத்தான் எழுதியிருந்தார். இவர் போட்ட பதில் இது:

"மிக்க நன்றி! நல்ல வாய்ப்பாகத் தெரிகிறது. இப்போது கொஞ்சம் வேலை அதிகம், எதிர்காலத்தில் கண்டிப்பாகப் பார்க்கலாம்."

மூன்று வாரத்தில் அதே வேலையைப் பற்றி மறுபடி மெசேஜ். அதற்கும் இதே மாதிரி ஒரு பதில். அப்புறம் ஃபோன். கடைசியில் எரிச்சலாகி அந்த எண்ணையே ப்ளாக் செய்துவிட்டார். நல்லபடியாகத் தொடங்கியது கசப்பில் முடிந்தது. "நான் எவ்வளவு மரியாதையா சொன்னேன், அந்தாளுக்குப் புரியலையே" என்றார். அந்தாளுக்கு நன்றாகவே புரிந்தது. நானாக இருந்தாலும் அப்படித்தான் புரிந்துகொண்டிருப்பேன். "நல்ல வாய்ப்பு" என்றால் வேலை பிடித்திருக்கிறது. "வேலை அதிகம்" என்றால் நேரம்தான் தடை. "எதிர்காலத்தில் கண்டிப்பாக" என்றால் தேதி குறித்து மறுபடி கூப்பிடு. ஒவ்வொரு வரியும் கதவைத் திறந்து வைத்துவிட்டு, ஏன் உள்ளே வந்தாய் என்று கேட்கிறது.

அவர் எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான்:

"வணக்கம். என் ப்ரொஃபைலைப் படித்துவிட்டு எழுதியதற்கு நன்றி. இந்த வேலை எனக்கு வேண்டாம்; நான் கோடு எழுதும் வேலையிலேயே தொடர நினைக்கிறேன், இது டீமை நடத்தும் வேலை. பணப் பரிமாற்றத் துறையில் பேக்எண்ட் வேலை, நிரந்தரப் பணியாக, உங்களிடம் எப்போதாவது வந்தால் எழுதுங்கள். இந்த இடத்துக்குச் சீக்கிரம் ஆள் கிடைக்கட்டும்."

இதில் நான்கு காரியம் நடக்கிறது. எதற்கு நன்றி என்று சொல்கிறது. வேண்டாம் என்று சொல்கிறது. வேலையைப் பற்றி ஒரு காரணம் தருகிறது. எது வந்தால் பார்ப்பேன் என்று சொல்கிறது. வணக்கத்தை விட்டால், இரண்டாவது காரியம் இரண்டாவது வாக்கியத்திலேயே நடந்துவிடுவதைக் கவனியுங்கள். ஃபோன் திரையில் மெசேஜின் தொடக்கம் மட்டும்தான் தெரியும், அதைப் பார்த்தே அவருக்கு விஷயம் தெரிந்துவிட வேண்டும். எந்த மொழியில் எழுதினாலும் வடிவம் இதுதான்.

"வேண்டாம்"னு பட்டுனு சொல்றது முகத்துல அடிச்ச மாதிரி இருக்காதா? "இப்போதைக்கு வேண்டாம்"னா நாசூக்கா இருக்குமே?

இந்தப் பக்கத்தை எழுத வைத்த கேள்வி இதுதான். நமக்குப் பழகிப்போனது அப்படி. வீட்டுக்கு வந்தவரிடம் நேராக "இல்லை" என்று சொல்ல மாட்டோம். "பார்க்கலாம்" என்போம், அதை இல்லை என்று புரிந்துகொள்ள வேண்டியது அவர் பொறுப்பு. தெரிந்தவர்களுக்குள் அது நடக்கும், ஏனென்றால் முகமும் குரலும் மீதியைச் சொல்லிவிடும். முன்பின் தெரியாதவருக்கு எழுத்தில் அது போய்ச் சேராது.

ரெக்ரூட்டரின் பட்டியலில் பெரும்பாலும் மூன்று நிலைதான்: ஆர்வம் உண்டு, ஆர்வம் இல்லை, பிறகு பார்க்கலாம். "இப்போதைக்கு வேண்டாம்" மூன்றாவது பெட்டிக்குப் போகும். அந்தப் பெட்டிக்கு ஒரு நினைவூட்டல் தேதி உண்டு. அவர் உங்களைத் துரத்துவதாக நீங்கள் நினைப்பீர்கள். நீங்கள் சொன்னதைத்தான் செய்கிறேன் என்று அவர் நினைப்பார். ஒரு விஷயத்தை அனுபவத்தில் சொல்கிறேன்: பட்டென்று வேண்டாம் என்றவர்கள் மேல் எனக்கு ஒருபோதும் வருத்தம் வந்ததில்லை. அந்தப் பெயரை அடித்துவிட்டு அடுத்தவரிடம் போவேன். பத்து நாள் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இழுத்தவர்களைத்தான் இன்னும் நினைவிருக்கிறது.

உண்மையிலேயே இப்போதைக்கு மட்டும்தான் வேண்டாம் என்றால் அதையும் திட்டமாகச் சொல்லுங்கள்: "அடுத்த ஜூன் வரை வேலை மாறும் எண்ணம் இல்லை." அப்படி ஒரு மாதம் சொல்ல முடியாவிட்டால் உங்கள் "இப்போதைக்கு" வெறும் மரியாதைச் சொல். எடுத்துவிடுங்கள். மென்மை வேண்டுமென்றால் அதை நன்றி சொல்லும் வரியில் காட்டலாம், மறுக்கும் வரியில் வேண்டாம்.

காரணம் சொல்லணுமா? நான் ஏன் அவருக்கு விளக்கம் கொடுக்கணும்?

கொடுக்க வேண்டியதில்லை. "நன்றி, இந்த வேலை எனக்கு வேண்டாம்" என்பதே முழுப் பதில்தான். ஆனால் காரணம் சொன்னால் உங்களுக்குத்தான் லாபம், ஏனென்றால் அடுத்த முறை அவர் எதை அனுப்பக் கூடாது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

காரணம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். அது வேலையைப் பற்றியதாக இருக்கட்டும்: பொறுப்பின் தன்மை, துறை, கான்ட்ராக்ட்டா நிரந்தரமா, ஷிஃப்ட், இடம் மாற வேண்டுமா என்பது போல. மூன்று காரணம் அடுக்கினால் அது பேரத்துக்கு அழைப்பு. "ஷிஃப்ட்டை மாத்திக்கலாம், கான்ட்ராக்ட்டை நீட்டிக்கலாம்" என்று ஒவ்வொன்றாக அவர் தீர்க்கத் தொடங்குவார், தீர்ப்பதுதான் அவர் தொழில். அதனால் மாற்ற முடியாத காரணத்தைச் சொல்லுங்கள். மேலே பார்த்த பெண்ணுக்கு இரவு ஷிஃப்ட்டும் பிடிக்கவில்லை, ஆனால் நான் எழுதிக் காட்டிய பதிலில் அது இல்லை. கோடு எழுதும் வேலையா, டீமை நடத்தும் வேலையா என்பதை எந்த ரெக்ரூட்டராலும் மாற்ற முடியாது.

சொல்லக் கூடாத காரணங்கள் இரண்டு. ஒன்று, அந்தக் கம்பெனியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்ட குறை. "உங்க கம்பெனியில யாரும் நிலைச்சு இருக்க மாட்டாங்களாமே" என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் படிப்பவர் தினமும் அங்கேதான் போய் உட்காருகிறார். இரண்டு, இப்போதைய மேனேஜரைப் பற்றியோ போனஸைப் பற்றியோ எதுவும். "இங்கே போனஸ் வரட்டும்னு காத்திருக்கேன்" என்று எழுதுபவர்கள் நிறைய. அது மறுப்பு இல்லை, போனஸ் வரும் மாதத்தைச் சொல்லிக் கொடுப்பது.

எத்தனை நாளுக்குள்ள பதில் போடணும்?

இரண்டு மூன்று வேலை நாளுக்குள் போட்டால் அழகு. ஒரு வாரம் தாண்டினாலும் போடலாம். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு பத்தி எழுத வேண்டாம், "தாமதத்துக்கு மன்னிக்கவும்" என்று இரண்டு சொல்கூட அதிகம்தான். இரண்டு மாதம் ஆகிவிட்டதென்றால் விட்டுவிடுங்கள், அந்த இடத்துக்கு ஆள் வந்திருப்பார்.

லிங்க்ட்இன்ல மறுக்கறதுக்கு ஒரு பட்டனே இருக்கே, அதை அமுக்கினா போதாதா?

போதும், சும்மா இருப்பதைவிட எவ்வளவோ மேல். அதில் ஒரு சின்ன விஷயம் பலருக்குத் தெரியாது. தொடர்பில் இல்லாதவர்களுக்கு அனுப்பும் இன்மெயிலுக்கு ரெக்ரூட்டர்களிடம் மாதத்துக்கு இத்தனை என்று கணக்கு உண்டு. நீங்கள் 90 நாளுக்குள் பதில் போட்டாலோ, அந்த மறுப்புப் பட்டனை அமுக்கினாலோ, அனுப்பியவருக்கு அந்தக் கணக்கில் ஒன்று திரும்பக் கிடைக்கும். ஆமாம், வேண்டாம் எதுவாக இருந்தாலும் சரி. ஆக, நீங்கள் மறுப்பதே அவருக்கு ஓர் உதவி. மாதக் கடைசியில் கணக்கு தீர்ந்துபோய் உட்கார்ந்திருக்கும்போது வரும் "வேண்டாம்"கூட எனக்கு இனித்திருக்கிறது.

பட்டனால் செய்ய முடியாதது, எது வேண்டும் என்று சொல்வது. உங்களுக்கென்று எழுதியவருக்கு ஒரு வரியாவது எழுதுங்கள். மொத்தமாக அனுப்பியவருக்குப் பட்டன் தாராளம்.

வேண்டாம்னு எழுதினதுக்கு அப்புறமும் "ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமே, அறிமுகத்துக்காக"ங்கறார். பேசினா என்ன குறைஞ்சிடப் போகுது?

பேச விருப்பமிருந்தால் பேசுங்கள். ஆனால் அந்த ஐந்து நிமிடம் எதற்கு என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். சில நேரம் அது உண்மையிலேயே அறிமுகத்துக்குத்தான். நல்ல ரெக்ரூட்டர்கள் வருடக்கணக்கில் ஆட்களைத் தெரிந்து வைத்திருப்பார்கள். சில நேரம் எழுத்தில் மறுப்பவர் குரலில் இளகுவார் என்ற கணக்கு. ஃபோனில் "இல்லை" சொல்வது பெரும்பாலானவர்களுக்குக் கஷ்டம், அதை நாங்களும் அறிவோம்.

பேச வேண்டாம் என்றால்: "இந்த வேலைக்காக என்றால் அழைப்பு வேண்டாம். நான் சொன்ன மாதிரி ஏதாவது வந்தால் முதலில் விவரத்தை எழுத்தில் அனுப்புங்கள், பிடித்திருந்தால் நானே கூப்பிடுகிறேன்." இதில் யாரும் கோபப்பட ஒன்றுமில்லை. அவருக்கும் ஐந்து நிமிடம் மிச்சம்.

வேலை வேண்டாம், ஆனா சம்பளம் எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கணும். நைஸா கேட்டுக்கலாமா?

கேட்கலாம், நைஸாக வேண்டாம். வரிசைதான் முக்கியம். முதலில் சம்பளத்தைக் கேட்டு, அவர் தன் மேலாளரிடம் அனுமதி வாங்கித் தொகையைச் சொன்ன பிறகு "எனக்கு எப்படியும் ஆர்வம் இல்லை" என்றால் அவர் ஏமாந்ததாக உணர்வார், அது நியாயம்தான். மறுப்பை முதலில் சொல்லிவிட்டு, "என் துறையில் இப்போது என்ன தருகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை, சொல்ல முடிந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பரவாயில்லை" என்று கேளுங்கள். பாதிப் பேர் சொல்வார்கள்.

ஒரு ஆபத்து உண்டு. சொன்ன கையோடு "உங்களுக்கு இப்போது எவ்வளவு?" என்று திருப்பிக் கேட்பார். வேண்டாத வேலைக்கு உங்கள் சம்பளத்தைச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை. சொன்னால் அதுவும் முதல் பதிலில் சொன்ன அந்தப் பக்கத்தில் ஏறும். பிறகு உண்மையிலேயே வேண்டிய வேலை வரும்போது பேரம் அந்தத் தொகையிலிருந்து தொடங்கும்.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க"ன்னு கேட்டா, நண்பர் நம்பரைக் கொடுத்துடலாமா?

கொடுக்காதீர்கள், நண்பரைக் கேட்காமல். அவர் வேலை தேடுகிறார் என்பதே உங்களை நம்பிச் சொன்ன விஷயமாக இருக்கலாம். அந்த எண் ஒரு தடவை பதிவாகிவிட்டால் இந்த ஒரு வேலையோடு நிற்காது.

ரெக்ரூட்டர் அனுப்பிய விவரத்தை அப்படியே நண்பருக்கு அனுப்பி, பிடித்திருந்தால் அவரையே நேராக எழுதச் சொல்லுங்கள். ரெக்ரூட்டரிடம் "விவரத்தை இரண்டு பேருக்கு அனுப்பியிருக்கிறேன், விருப்பமிருந்தால் அவர்களே எழுதுவார்கள்" என்று சொன்னால் போதும். உண்மையில் அனுப்பியிருந்தால் மட்டும் சொல்லுங்கள். "கண்டிப்பா யாரையாவது சொல்றேன்" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு மறந்துபோவதும் "இப்போதைக்கு வேண்டாம்" மாதிரிதான், அவர் அடுத்த வாரம் கேட்பார். யாரும் இல்லையென்றால் இல்லை.

நல்ல எண்ணம் விதைக்க இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தனக்கு வேண்டாம் என்று சொல்லி, சரியான ஒருவரை என்னிடம் எழுத வைத்தவர்களின் பெயர் எனக்கு வருடங்கள் கழித்தும் நினைவிருந்தது.

எதுக்கும் இருக்கட்டும்னு ரெஸ்யூமேயை அனுப்பி வைக்கச் சொல்றாங்க. அனுப்பினா நல்ல பேர் வருமே?

எழுதியவர் யார் என்பதைப் பொறுத்தது. அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்ப்பவர் என்றால் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் அவசியமும் இல்லை. ப்ரொஃபைலில் இருப்பதே அவருக்குப் போதும்.

கன்சல்டன்சிக்காரர் என்றால் கொஞ்சம் நிதானம் வேண்டும். பல கன்சல்டன்சிகளுக்கு, தாங்கள் அனுப்பிய ஆள் வேலைக்குச் சேர்ந்தால்தான் பணம். அது அந்த ஆளின் முதல் வருடச் சம்பளத்தில் ஒரு சதவீதமாகக் கணக்கிடப்படும். அதனால் உங்கள் ரெஸ்யூமேயை யார் முதலில் ஒரு கம்பெனிக்கு அனுப்பினார் என்பது அவர்களுக்குள் பெரிய விஷயம். பொறுப்பில்லாத ஒருவர் கையில் அது கிடைத்தால் உங்களைக் கேட்காமலேயே நான்கு கம்பெனிகளுக்குப் போய்விடும். ஆறு மாதம் கழித்து அதில் ஒன்றில் உங்களுக்குப் பிடித்த வேலை வருகிறது, நீங்களே நேராக விண்ணப்பிக்கிறீர்கள் என்று வையுங்கள். "இவரை நாங்கள் ஏற்கனவே அனுப்பினோம், எங்களுக்குப் பணம் வேண்டும்" என்று அவர் வந்து நிற்பார். அந்தத் தகராறில் போய் மாட்டுவானேன் என்று சில கம்பெனிகள் ஆளையே விட்டுவிடும். நான் ஹெச்.ஆர். பக்கம் இருந்தபோது நல்ல ஒருவரை இப்படி இழந்தோம். ஏன் என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது.

ஆகவே: "குறிப்பிட்ட வேலை ஒன்று வரும்போது அனுப்புகிறேன். என்னைக் கேட்காமல் எங்கேயும் என் விவரத்தை அனுப்ப வேண்டாம்." இரண்டாவது வாக்கியத்தைக் கண்டிப்பாக எழுத்தில் போடுங்கள். நேர்மையான கன்சல்டன்ட்டுக்கு இது புதிதில்லை, அவரே ஒவ்வொரு கம்பெனிக்கும் தனியாக அனுமதி கேட்பார்.

மெசேஜ் நேரா ஆபீஸ் மெயிலுக்கே வந்துடுச்சு. பயமா இருக்கு.

வந்ததற்கு நீங்கள் பொறுப்பில்லை, யாருக்கும் வரலாம். ஆனால் அங்கிருந்து பதில் போடாதீர்கள், மறுப்பாக இருந்தாலும். ஆபீஸ் மெயில் கம்பெனியின் சொத்து, அதைப் பார்க்கும் உரிமை பெரும்பாலும் அவர்களுக்கு உண்டு. "இதுமாதிரி ஏதாவது வந்தால் எழுதுங்கள்" என்ற உங்கள் நல்ல வரி அங்கே வேறு மாதிரி படிக்கப்படும். சொந்த மெயிலிலிருந்து எழுதுங்கள். "இனி இந்த முகவரிக்கே எழுதவும், அலுவலக முகவரியை நீக்கிவிடவும்" என்று முதல் வரியிலேயே சேர்த்துவிடுங்கள்.

என் ப்ரொஃபைலைப் படிக்காமலே அனுப்பியிருக்கார். பதினஞ்சு வருஷ அனுபவத்துக்கு ட்ரெய்னி வேலை! நல்லா நாலு வார்த்தை கேட்கலாம்னு இருக்கு.

கோபம் புரிகிறது. ஆனால் அவர் யாரென்று பாருங்கள். பல இடங்களில் பெயர்களைத் தேடி முதல் மெசேஜ் அனுப்புவதற்கென்றே தனி ஆள் உண்டு, பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடம் ஆனவர்கள். ஒரு சொல்லைப் போட்டுத் தேடுவார்கள், அந்தச் சொல் உங்கள் ப்ரொஃபைலில் எங்கோ இருந்திருக்கும். நான் சேர்ந்த முதல் வருடத்தில் ஒரு துறைத் தலைவருக்கு அவருடைய டீமிலேயே ஜூனியர் வேலைக்கு அழைப்பு அனுப்பினேன். பல வருடத்துக்கு முன் அவர் பார்த்த வேலையின் பெயர் தேடலில் மாட்டிக்கொண்டது. அவர் எழுதிய பதில்: "இந்த வேலைக்கு ஆள் கேட்டதே நான்தான். என்னை எடுத்துக்கொள்வீர்களா என்று யோசித்துச் சொல்லுங்கள்." அன்று முழுக்கத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன், ஆனால் அவர் மேல் இன்றும் தனி மரியாதை.

அந்த அளவு நகைச்சுவை எல்லோருக்கும் வராது, வராவிட்டால் முயல வேண்டாம். எழுத்தில் பாதி நேரம் அது குத்தலாகத்தான் போய்ச் சேரும். பொருத்தமில்லாததை விஷயமாகச் சொன்னால் போதும்: "இது தொடக்க நிலை வேலை. நான் பதினைந்து வருடமாக இத்துறையில் இருக்கிறேன், இப்போது பார்ப்பது பிரிவுத் தலைவர் நிலை வேலைகளை மட்டும்." அல்லது பட்டன். கேலி செய்து எழுதிய பதில்கள் ஸ்க்ரீன்ஷாட்டாக எங்கள் குழுவில் சுற்றும், பெயரோடு.

தெளிவா மறுத்தாச்சு, காரணமும் சொல்லியாச்சு. திரும்பத் திரும்ப அதே ஆள், அதே மாதிரி வேலை. இன்னும் எத்தனை தடவை இனிமையா பேசறது?

ஒரு தடவைதான். இரண்டாவது முறை வந்தால் முதல் பதிலைச் சுட்டி ஒரே வரி: "முன்பே சொன்ன மாதிரி இந்த வகை வேலை எனக்கு வேண்டாம், உங்கள் பட்டியலில் குறித்துக்கொள்ளுங்கள்." மூன்றாவது வந்தால் "இனி எழுத வேண்டாம், என் விவரத்தை நீக்கிவிடுங்கள்" என்று நேராகச் சொல்லிவிட்டு ப்ளாக் செய்யலாம். உங்கள் பதிலைப் படிக்காதவரிடம் நல்ல எண்ணத்தைச் சேர்த்து வைக்க வழியில்லை.

பணம் கட்டச் சொல்பவர், அடையாள அட்டை நகல் கேட்பவர், கம்பெனி பெயருக்குச் சம்பந்தமில்லாத மெயில் முகவரியிலிருந்து எழுதி உடனே வாட்ஸ்அப்புக்கு வரச் சொல்பவர் ஆகியோர் இந்தக் கணக்கிலேயே வர மாட்டார்கள். அவர்களுக்கு மறுப்பும் எழுதாதீர்கள். பதில் எதுவாக இருந்தாலும், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அது சொல்லிவிடும்.

ஆறு மாசம் முன்னாடி ஒருத்தருக்கு வேண்டாம்னு எழுதினேன். இப்ப நானே வேலை தேடறேன். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவருக்கு எழுதறது?

ஒரு கூச்சமும் வேண்டாம், நீங்கள் மறுத்தது அந்த ஒரு வேலையைத்தான். பழைய மெசேஜ் இருக்கும் அதே இழையிலேயே எழுதுங்கள், புதிதாகத் தொடங்க வேண்டாம். மேலே போய்ப் பார்த்தால் அவருக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிடும். அந்தப் பெண் அன்றே தெளிவாக மறுத்திருந்தால் இப்படி எழுதலாம்:

"வணக்கம். மார்ச்சில் சப்போர்ட் லீட் வேலைக்காக எனக்கு எழுதியிருந்தீர்கள், அது வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். இப்போது வேலை மாற முடிவு செய்திருக்கிறேன். பணப் பரிமாற்றத் துறையில் பேக்எண்ட், நிரந்தரப் பணி. நோட்டீஸ் பீரியட் இரண்டு மாதம். உங்களிடம் பொருத்தமாக ஏதாவது இருக்கிறதா?"

பழைய வேலைக்கு ஆள் கிடைத்துவிட்டதா என்று கேட்க வேண்டாம், அது வீண் பேச்சு. மறுத்ததற்கு வருத்தமும் தெரிவிக்க வேண்டாம். அவர் அந்தக் கம்பெனியை விட்டுப் போயிருந்தால் அவருடைய ப்ரொஃபைலில் தெரியும், அப்போதும் அவருக்கே எழுதுங்கள், புது இடத்திலும் அவர் ஆள்தான் தேடிக்கொண்டிருப்பார். பழைய கம்பெனியிலேயே வேலை வேண்டுமென்றால் அங்கே வேறொருவருக்கு எழுதும்போது "முன்பு உங்கள் குழுவிலிருந்து எனக்கு எழுதியிருந்தார்கள்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் பெயரைத் தேடிப் பார்ப்பார், அன்றைக்கு நீங்கள் எழுதிய அந்த நான்கு வரி அங்கே இருக்கும்.